ஸ்லம்ப் 120 வந்துவிட்டது, அப்படியென்றால் காங்கிரீட் சரிதானா?

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், சனிக்கிழமை முதல் மாடி ரூஃப் போட்டோம். ரெடிமிக்ஸ், எம்25, மூன்று வண்டி, வண்டிக்கு 6 கன மீட்டர். கேட்ட ஸ்லம்ப், அதாவது கூம்பைத் தூக்கினதும் கலவை இறங்கும் உயரம், 120 மி.மீ.

முதல் வண்டி வந்ததும் என்ஜினியர் தம்பி தகரக் கூம்பை வைத்துக் கலவையை நிரப்பி, கம்பியால் குத்தி, மெதுவாகத் தூக்கினார். 125 என்றார். மூன்றாவது வண்டி 130. பிரச்சினை இரண்டாவது வண்டிதான். ரயில்வே கேட்டில் மாட்டி ரொம்ப நேரம் கழித்து வந்தது. கூம்பைத் தூக்கினால் 80தான் இறங்கியது. பம்ப் ஆள் இது போகாது என்றார், டிரைவர் உடனே வண்டியில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து டிரம்முக்குள் விட்டார். கொஞ்ச நேரம் சுற்றவிட்டு மறுபடி எடுத்தார்கள், 120. "பாஸ் ஆகிவிட்டது சார், இனி கவலை இல்லை" என்று தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று வண்டியும் ஏறத்தாழ ஒரே ஸ்லம்ப். அப்படியென்றால் மூன்றும் ஒரே காங்கிரீட்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைட் பிரபா

சார், நான் சைட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். பயப்படவேண்டாம். ஸ்லம்ப் என்பதே கலவையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான். தண்ணீர் கூடினால் அதிகம் இறங்கும், குறைந்தால் இறங்காது. 80 என்றால் தண்ணீர் குறைவாக இருந்தது, வெயிலில் ஆவியாகியிருக்கும். போன தண்ணீரைத் திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். 120 வந்துவிட்டது என்றால் தண்ணீர் சரியான அளவுக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஐ.எஸ். 4926-இல் பிளஸ் மைனஸ் 25 வரை அனுமதி இருக்கிறது, 95-இலிருந்து 145 வரை எடுத்துக்கொள்ளலாம். மூன்று வண்டியும் அதற்குள்தான்.

செஞ்சி குமார்

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான் சார். ரூஃப் போட்டு நான்கு வருடம் ஆகிறது, ஹால் நடுவில் கொஞ்சம் கீழே இறங்கினமாதிரி தெரிகிறது, ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் விரிசல் வேறு. இதற்கும் ஸ்லம்ப் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? எவ்வளவு செலவாகும்?

கியூப் லேப் கலா

குமார் தம்பி, ஸ்லம்ப் ஈரக் கலவைக்குத்தான், மில்லரிலிருந்தோ வண்டியிலிருந்தோ இறக்கிய உடனே எடுப்பது. காய்ந்த ரூஃப் இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நடுவில் தொய்வு தெரிகிறது என்றால் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள், தனி இழை போட்டால் அங்கே பேசலாம்.

வாத்தியார் சார், நான் 19 வருடமாக லேபில் காங்கிரீட் கியூப் உடைத்து ஸ்ட்ரென்த் பார்க்கிறேன். பிரபா சொன்னதில் பாதி சரி. ஸ்லம்ப் பிளஸ் மைனஸ் 25 (கேட்ட ஸ்லம்பில் மூன்றில் ஒரு பங்கு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவு) என்பது சரி. ஆனால் ஸ்லம்ப் தண்ணீரை அளக்கிறது என்பது சரியில்லை. கூம்பைத் தூக்கினதும் கலவை தன் எடையைத் தாங்க முடியாமல் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் அது காட்டும். அதற்குக் காரணம் தண்ணீராக இருக்கலாம், கலவையை இளக வைக்கப் போடும் கெமிக்கலாக இருக்கலாம், மணலின் பொடியாக இருக்கலாம், பிளாண்ட்டை விட்டுக் கிளம்பி எவ்வளவு நேரம் ஆனது என்பதாக இருக்கலாம், அன்றைய வெயிலாகவும் இருக்கலாம். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒரு எண். எண்ணைப் பார்த்து எது காரணம் என்று திருப்பிச் சொல்ல முடியாது.

உங்கள் முதல் வண்டி 125 வந்தது பிளாண்ட்டில் போட்ட தண்ணீராலும் கெமிக்கலாலும். இரண்டாவது வண்டி 120 வந்தது பிளாண்ட்டில் போட்டது, அதற்குமேல் டிரைவர் ஊற்றியது, இரண்டும் சேர்ந்து. கூம்புக்கு இரண்டும் ஒன்றுதான். சிமெண்ட்டுக்கு ஒன்றில்லை.

டெலிவரி சலான் கையில் இருந்தால் மூன்று விவரம் சொல்லுங்கள்: லோடு ஏற்றிய நேரம், ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட், தண்ணீர். டிரைவர் எவ்வளவு ஊற்றினார் என்று யாராவது பார்த்தார்களா?

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

சலான் இருக்கிறது மேடம். லோடு ஏற்றியது 10.05, எங்கள் வாசலுக்கு வந்தது 11.50. சிமெண்ட் 320 கிலோ, தண்ணீர் 158 லிட்டர், எம்-சாண்ட் 800 கிலோ பக்கம், கெமிக்கல் பெயரும் அளவும் போட்டிருக்கிறது. தண்ணீரை அளந்து ஊற்றவில்லை. டிரைவரைப் போனில் பிடித்தேன், டேங்கில் கண்ணாடிக் குழாய் இருக்கிறது, அதில் பார்த்தபோது 100 லிட்டர் இறங்கியிருந்தது என்றார். என்ஜினியர் தம்பி 50-க்கு மேல் இருக்காது என்கிறார்.

பேட்சிங் பிளாண்ட் ரவி

நான் இருப்பது வேறு கம்பெனி பிளாண்ட், கன்ட்ரோல் ரூம். இந்த 1 மணி 45 நிமிடம்தான் முக்கியம். 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிடவேண்டும் என்பது பொது விதி, அதனால் வண்டியைத் திருப்பி அனுப்ப அது காரணம் ஆகாது. ஆனால் வெயிலில் அவ்வளவு நேரம் சுற்றினால் ஸ்லம்ப் இறங்கத்தான் செய்யும். பிளாண்ட்டில் நாங்கள் 120-க்கு அனுப்புவதில்லை, வழியில் குறையும் என்று 150, 160-இல் அனுப்புவோம். முதல் வண்டிக்கு அந்தக் கணக்குச் சரியாக விழுந்திருக்கிறது, இரண்டாவதற்கு கேட் கெடுத்துவிட்டது.

பிரபா தம்பி, தண்ணீர் ஆவியாகிப் போனது என்று சொன்னீர்களே, டிரம் கிட்டத்தட்ட மூடின பாத்திரம்மாதிரி. வாய் வழியாகக் கொஞ்சம் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 80 வரை குறைந்ததற்கு அது மட்டும் காரணமாக இருக்காது. கெமிக்கலின் வேகம் தணிகிறது, சிமெண்ட் தண்ணீரோடு சேர ஆரம்பித்துவிடுகிறது, வறண்ட ஜல்லியாக இருந்தால் அதுவும் கொஞ்சம் உறிஞ்சும். பெரும்பகுதித் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது, அதன் மேல்தான் இன்னும் ஊற்றியிருக்கிறார்கள்.

சைட் பிரபா

ஜல்லி உறிஞ்சினால் அந்தத் தண்ணீர் சிமெண்ட்டுக்குக் கிடைக்காது அல்லவா? அப்படியென்றால் அதை ஈடுகட்ட ஊற்றுவது தப்பில்லையே?

பேட்சிங் பிளாண்ட் ரவி

ஜல்லி உறிஞ்சும் பங்குக்கு நீங்கள் சொல்வது சரி. நல்ல பிளாண்ட்டில் அதைக் கணக்கில் வைத்துத்தான் தண்ணீர் போடுவார்கள். உறிஞ்சியது எவ்வளவு, கெமிக்கல் தணிந்ததால் குறைந்தது எவ்வளவு என்று சைட்டில் நின்றுகொண்டு பிரித்துச் சொல்ல வழியே இல்லை. கூம்பும் சொல்லாது.

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

சரி, நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், தவறு இருந்தால் திருத்துங்கள். சலான்படி 158-ஐ 320-ஆல் வகுத்தால் 0.49. டிரைவர் சொன்ன 100 லிட்டரை 6 கன மீட்டருக்குப் பிரித்தால் கன மீட்டருக்கு 16.7 லிட்டர். 158 + 16.7 = 174.7, அதை 320-ஆல் வகுத்தால் 0.546. தம்பி சொன்ன 50 லிட்டர்தான் என்றால் 8.3 கூடும், 0.52. இதனால் ஸ்ட்ரென்த் எவ்வளவு போகும்?

கியூப் லேப் கலா

கணக்குச் சரி சார். தண்ணீருக்கும் சிமெண்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் ஸ்ட்ரென்த்தைத் தீர்மானிக்கிறது என்பது 1918-இல் டஃப் ஏப்ரம்ஸ் சிகாகோவில் காட்டியது, இன்றைக்கும் நாங்கள் அதை வைத்துத்தான் மிக்ஸ் போடுகிறோம். சைட்டில் புழங்கும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: கன மீட்டருக்கு 5 லிட்டர் கூட்டினால் ஸ்லம்ப் ஏறத்தாழ 25 மி.மீ. கூடும், ஸ்ட்ரென்த் சதுர மி.மீ.-க்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நியூட்டன் வரை குறையும். மிக்ஸுக்கு மிக்ஸ் மாறும், ஆனால் ஒரு அளவு பிடிபடும்.

உங்கள் வண்டியில் 80-இலிருந்து 120, அதாவது 40 மி.மீ. கூடியிருக்கிறது. கைக்கணக்குப்படி கன மீட்டருக்கு 8 லிட்டர், வண்டிக்கு 50 லிட்டர் பக்கம். அந்தத் தம்பி இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கைக்கணக்கு புதுக் கலவைக்கு. ஒன்றேமுக்கால் மணி நேரம் சுற்றி இறுகத் தொடங்கின கலவை அதே 40 மி.மீ. ஏற இன்னும் நிறையத் தண்ணீர் கேட்கும். அதனால் டிரைவர் சொன்ன 100-ஐ என்னால் தள்ளிவிட முடியவில்லை.

எம்25-க்கு மிக்ஸ் போடும்போது 25-ஐக் குறிவைக்கமாட்டார்கள், மேலே ஒரு இடைவெளி வைத்து 31.6-ஐக் குறிவைப்பார்கள். 50 லிட்டர் என்றால் ஏறத்தாழ 2 நியூட்டன் போகும், அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். 100 லிட்டர் என்றால் மூன்றரையிலிருந்து 5 வரை போகும், அப்போதும் 26.6-இலிருந்து 28-க்குள் நிற்கும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்த இடைவெளி வைத்ததே மணலில் ஈரம் மாறுவது, சிமெண்ட் மாறுவது, கியூறிங் சரியில்லாமல் போவது இதற்கெல்லாம்தான். அதில் பாதிக்கு மேல் தண்ணீருக்கே போய்விட்டது. வேறு ஒன்று சறுக்கினால் தாங்க அதிக இடம் இல்லை. ஐ.எஸ். 456-இன்படி மிதமான சூழலுக்கு விகிதம் 0.50-ஐத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது, இரண்டு கணக்கிலும் தாண்டிவிட்டது. அது கம்பி துருப்பிடிக்காமல் எத்தனை வருடம் இருக்கும் என்பது சம்பந்தப்பட்டது.

வீடு விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 120 என்று நோட்டில் எழுதி வைத்ததை வைத்து இதில் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது, அதுதான் நான் சொல்ல வருவது.

மேஸ்திரி மாணிக்கம்

தம்பிங்களா, நான் படித்தவன் இல்லை, முப்பது வருடம் காங்கிரீட் போட்டிருக்கிறேன், என் பையன்தான் இதை டைப் பண்ணுகிறான். எல்லோரும் ஸ்லம்ப்பைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. அது நல்ல டெஸ்ட்தான், எடுக்கிறவர்கள்தான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கூம்பைத் தூக்கினதும் நான் முதலில் ஸ்கேலை எடுக்கமாட்டேன், குவியலைத்தான் பார்ப்பேன். மேலிருந்து கீழ்வரை வட்டம் கலையாமல் அப்படியே அமர்ந்தால் கலவை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மண்சரிவு மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கினால் அந்த எண்ணையே எழுதக்கூடாது, மறுபடி எடுக்கவேண்டும், மறுபடியும் அப்படியே சரிந்தால் கலவையில் பிடிப்பு இல்லை என்று பிளாண்ட்டுக்குச் சொல்லவேண்டும். அப்புறம் குவியலின் அடியைப் பார்ப்பேன். தட்டின்மேல் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தண்ணீரும் சிமெண்ட் பாலும் கசிந்து வந்து, ஜல்லி நடுவில் தனியாக நின்றால், அது பம்ப்பில் போகும்போதே பிரியும், பீம் அடியில் தேன்கூடு கட்டும். கடைசியில் தட்டின் ஓரத்தில் கம்பியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுவேன். நல்ல கலவை அப்படியே இன்னும் கொஞ்சம் பரந்து உட்காரும். பிடிப்பில்லாதது பொலபொலவென்று உதிரும். இரண்டும் 120தான், ஆனால் வேறு வேறு காங்கிரீட்.

வாத்தியார் ஐயா, உங்கள் இரண்டாவது வண்டிக் குவியல் எப்படி உட்கார்ந்தது? ஞாபகம் இருக்கிறதா?

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

ஐயா, நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது. என் மகள் போனில் வீடியோ எடுத்திருந்தாள், திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதல் வண்டி அழகாக அப்படியே அமர்ந்தது. இரண்டாவது, தண்ணீர் ஊற்றினபிறகு எடுத்தது, ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, தட்டில் சாம்பல் நிறத் தண்ணீர் வளையம் தெரிகிறது. அப்போது எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. இன்னொன்றும் தெரிந்தது, கூம்பைத் தூக்கும்போது தம்பி லேசாகத் திருகித் தூக்கியமாதிரி இருக்கிறது. அதனால் சாய்ந்திருக்குமோ?

மேஸ்திரி மாணிக்கம்

சாயும் ஐயா. நேராகத் தூக்கவேண்டும், திருகக்கூடாது, வெடுக்கென்றும் தூக்கக்கூடாது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணிக்கொண்டே தூக்கினால் சரியாக இருக்கும். தட்டு ஆடக்கூடாது, உள்பக்கம் ஈரத்துணியால் துடைத்திருக்கவேண்டும், நிரப்பும்போது இரண்டு காலாலும் கூம்பின் காதை மிதித்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் அடியில் பால் கசியும். ஆனால் திருகினால் தண்ணீர் வளையம் வராது. அது கலவையில் இருப்பது.

சைட் பிரபா

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கல்லூரியில் நான்கு அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது இருக்கும் சைட்டில் கன்சல்டன்ட் மூன்று அடுக்கு என்கிறார். எது சரி? இதனாலும் எண் மாறுமா?

கியூப் லேப் கலா

இரண்டு பேருமே தப்பில்லை. 1959 ஐ.எஸ். 1199-இல் நான்கு அடுக்கு, 2018-இல் புதுப்பித்ததில் மூன்று. இப்போது மூன்றுதான் பின்பற்றவேண்டும். எண் பெரிதாக மாறாது, ஆனால் ஒரே சைட்டில் ஒரு ஆள் ஒரு மாதிரி, இன்னொரு ஆள் வேறு மாதிரி எடுத்தால் வண்டிக்கு வண்டி ஒப்பிடுவதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அதைவிட, எங்கிருந்து கலவை எடுக்கிறார்கள் என்பதில்தான் நான் அதிகத் தப்பைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் சூட் வழியாக முதலில் வரும் இரண்டு பாண்டைப் பிடித்து டெஸ்ட் எடுத்துவிடுவார்கள். அது வண்டிக்குள் இருப்பதைக் காட்டாது. கொஞ்சம் இறக்கிவிட்டு, அப்புறம் பிடித்து, கரண்டியால் ஒருமுறை புரட்டிவிட்டு எடுக்கவேண்டும்.

பேட்சிங் பிளாண்ட் ரவி

வண்டிக்கு வண்டி ஒப்பிடுவது என்று மேடம் சொன்னாரே, அதுதான் ஸ்லம்ப்பின் நிஜமான வேலை என்பது என் அனுபவம். போன ஐப்பசியில் எங்கள் பிளாண்ட்டில் நடந்தது. காலையிலிருந்து ஒரே மிக்ஸ், சைட்டில் 110, 115, 110 என்று வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வண்டிக்கு 165 என்று போன் வந்தது. கம்ப்யூட்டரில் எல்லா எடையும் சரியாகத்தான் இருந்தது. மணல் யார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், முந்தின ராத்திரி பெய்த மழையில் குவியலின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கிறது, லோடர்காரர் மேல்மணல் தீர்ந்து அடியிலிருந்து அள்ள ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஈரம் 3 சதவீதம் என்று வைத்திருந்தோம், வாணலியில் வறுத்துப் பார்த்தால் 5-க்கு மேல். கன மீட்டருக்கு 800 கிலோ மணலில் 2 சதவீதம் என்றால் 16 லிட்டர். கவனித்துப் பாருங்கள், வாத்தியார் சாரின் டிரைவர் குழாயைத் திறந்து ஊற்றினதாகச் சொன்னதும் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. இங்கே யாரும் எந்தக் குழாயையும் தொடவில்லை. அந்த போன் வராமல் இருந்தால் இன்னும் பத்து வண்டி அப்படியே போயிருக்கும்.

ஏதோ மாறிவிட்டது என்று அது மணி அடிக்கும். என்ன மாறியது என்று நாம்தான் போய்த் தேடவேண்டும்.

சிங்கை தேவா

சிங்கப்பூரில் பைலிங் சைட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கம் 120 என்றால் வண்டியையே திருப்பிவிடுவோம், டிரெமி குழாய் வழியாகத் தண்ணீருக்கடியில் இறங்கவேண்டும், 200-க்குப் பக்கத்தில் வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. கசடுத்தூள் நிறையப் போட்ட ஒரு மிக்ஸும் சாதாரண மிக்ஸும் இரண்டும் 200 காட்டும், ஆனால் முதல் மிக்ஸ் தேன் மாதிரி மெதுவாக நகரும், குழாயில் ஒட்டிக்கொண்டு வரும். கூம்பு நின்றுவிட்ட இடத்தைத்தான் காட்டுகிறது, எவ்வளவு வேகமாக வந்து நின்றது என்பதைக் காட்டுவதில்லை. அதனால் 200-க்கு மேல் நாங்கள் உயரத்தை விட்டுவிட்டு, பரவின அகலத்தைத்தான் அளக்கிறோம். வாத்தியார் சார் பம்ப் ஆள் 80-க்கு மறுத்ததும் எனக்குச் சந்தேகம். சில மிக்ஸ் 80-லேயே நன்றாகப் போகும், சில 120-லும் அடைக்கும்.

சைட் பிரபா

சரி, கலா மேடம் சொன்னது இப்போது புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் என்னதான் செய்திருக்கவேண்டும்? வண்டி வாசலில் நிற்கிறது, கேட்டது 120, இருப்பது 80, பம்ப் நிற்கிறது, பாதி ஸ்லாப் போட்டாகிவிட்டது. திருப்பி அனுப்பினால் நடுவில் ஜாயின்ட் விழும், அது இன்னும் மோசம்.

கியூப் லேப் கலா

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நானாக இருந்தால் தண்ணீர்க் குழாயைத் தொடவிடமாட்டேன். பிளாண்ட்டின் டெக்னீஷியனுக்கு போன் போட்டு, அதே கெமிக்கலை அவர் சொல்லும் அளவுக்கு டிரம்மில் சேர்த்து, முழு வேகத்தில் ஐந்து நிமிடமாவது சுற்றவிட்டு, மறுபடி ஸ்லம்ப் எடுப்பேன். அப்படி வருகிற 120-இல் தண்ணீர் விகிதம் சலானில் இருப்பதேதான். அதற்கு வழி இல்லையென்றால், அளந்து, அளவை எழுதி, பிளாண்ட் ஒப்புக்கொண்டு, விகிதம் மிக்ஸ் டிசைனில் உள்ள எல்லையைத் தாண்டாத அளவுக்கு மட்டும் தண்ணீர். 0.50 வரை என்றால் உங்கள் சலானில் 160 லிட்டர்வரைதான் இடம், வண்டிக்கு 12 லிட்டர். அவ்வளவில் ஸ்லம்ப் 120-க்கு ஏறியிருக்காது.

அப்புறம் மிக முக்கியமான ஒன்று, அந்த வண்டியிலிருந்து தனியாக கியூப் எடுத்திருக்கவேண்டும், தண்ணீர் ஊற்றினபிறகு. வாத்தியார் சார், எந்த வண்டியில் கியூப் எடுத்தார்கள்?

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன். ஆறு கியூப். ஆறும் முதல் வண்டியிலிருந்து.

கியூப் லேப் கலா

அப்படியென்றால் 7 நாளிலும் 28 நாளிலும் வரப்போகிற ரிசல்ட் முதல் வண்டிக்குத்தான். அது நன்றாக வந்தால் இரண்டாவது வண்டியும் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது வண்டிக் கலவை ஸ்லாப்பில் எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியுமா?

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

தெரியும் மேடம். வடமேற்குப் பக்கம், பெட்ரூமும் மாடிப்படிக்குப் பக்கத்து பீமும். வீடியோவில் பம்ப் குழாய் எங்கே இருந்தது என்று தெளிவாக இருக்கிறது.

மேஸ்திரி மாணிக்கம்

ஐயா, அந்த பெட்ரூம் பக்கத்துக்கு மட்டும் முட்டுக்கம்பை அவசரப்பட்டு எடுக்கவிடாதீர்கள். மற்ற இடத்தில் எடுக்கிற நாளைவிட ஒரு வாரம் கூட நிற்கட்டும். வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. தண்ணீர் தேக்கி வைப்பதையும் அந்தப் பாத்தியில் ஒருநாள்கூட விடாதீர்கள். தண்ணீர் கூடின கலவை மேலே சீக்கிரம் வெடிக்கும், சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள்.

பேட்சிங் பிளாண்ட் ரவி

பிளாண்ட்டில் அந்த வண்டியின் பேட்ச் பிரிண்ட் கேளுங்கள் சார். சலானில் இருப்பது டிசைன் அளவு, பிரிண்ட்டில் இருப்பது நிஜமாக எடைபோட்டது. ஒருவேளை பிளாண்ட்டில் தண்ணீர் 158-க்குக் குறைவாகவே விழுந்திருந்தால் உங்கள் கணக்கு நல்ல பக்கத்துக்கு மாறும். கூடுதலாக விழுந்திருந்தால் அதுவும் தெரியவேண்டும் அல்லவா.

சிங்கை தேவா

28 நாள் ஆனதும் அந்த இடத்தில் உருளைத் துண்டாகக் கோர் வெட்டி எடுத்து உடைத்துப் பார்த்துவிடுங்கள் சார், சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். மூன்று கோர், எம்25-க்கான ஸ்ட்ரென்த்தில் சராசரி 85 சதவீதம், எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான்.

கியூப் லேப் கலா

தேவா சொன்ன எண்கள் ஐ.எஸ். 456-இல் இருப்பவைதான். ஆனால் குடியிருக்கப்போகிற வீட்டின் ஐந்து அங்குல ஸ்லாப்பில் உடனே ஓட்டை போடவேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பியில் பட்டால் இருந்ததும் கெடும். முதலில் சென்ட்ரிங் பிரித்ததும், அடியிலிருந்து ரீபவுண்ட் ஹேமர் வைத்து முதல் வண்டி விழுந்த இடத்திலும் இரண்டாவது வண்டி விழுந்த இடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அது ஸ்ட்ரென்த்தைத் துல்லியமாகச் சொல்லாது, ஆனால் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று சொல்லும், முதல் வண்டிக்குக் கியூப் ரிசல்ட் வேறு கையில் இருக்கிறது. பெரிய வித்தியாசம் தெரிந்தால்தான் கோர்.

சிங்கை தேவா

ஹேமர் மேல்தோலைத்தான் தட்டிப் பார்க்கிறது அக்கா, ஈரம் இருந்தாலே எண் மாறும். இரண்டு இடமும் ஒரேமாதிரி காட்டி உள்ளே குறைவாக இருந்தால் என்ன செய்வது? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பீம் பக்கத்தை விட்டு, கம்பி எங்கே இருக்கிறது என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டலாம்.

கியூப் லேப் கலா

அந்த ஸ்கேனர் விழுப்புரத்தில் எளிதில் கிடைக்குமா என்று பார்க்கவேண்டும். கிடைத்தால் நீங்கள் சொல்வதை யோசிக்கலாம். இந்த இடத்தில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகமாட்டோம் என்று நினைக்கிறேன், முடிவை அவர்களுடைய ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் எடுக்கட்டும்.

விழுப்புரம் கணக்கு வாத்தியார்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 7 நாள் கியூப் வந்தது, மூன்றின் சராசரி 21.5, முதல் வண்டி அது. லேப் ஆள் நன்றாக இருக்கிறது என்றார். பெட்ரூம் பக்கம் முட்டு இன்னும் எடுக்கவில்லை, மேஸ்திரி ஐயா சொன்னமாதிரி பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறது. பேட்ச் பிரிண்ட்டுக்கு இரண்டு முறை போய்விட்டேன், அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள்.

என்ஜினியர் தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன். கோபப்படவில்லை, உட்கார்ந்து முழுசும் படித்தார். அடுத்த மாதம் படிக்கட்டு ஹெட்ரூம் போடவேண்டும், ஒரே வண்டிதான். அதற்கு நோட்டில் ஸ்லம்ப் எண்ணுக்குப் பக்கத்தில் லோடு ஏற்றிய நேரம், டெஸ்ட் எடுத்த நேரம், குவியல் எப்படி உட்கார்ந்தது, சைட்டில் என்ன சேர்த்தார்கள், எத்தனை லிட்டர் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஒரு வண்டி காங்கிரீட்டுக்கு கெமிக்கலைத் தனி டின்னில் கொடுத்தனுப்ப பிளாண்ட் ஒப்புக்கொள்ளுமா ரவி சார்?

பேட்சிங் பிளாண்ட் ரவி

கேட்டால் பல பிளாண்ட்டில் கொடுப்பார்கள் சார், டெக்னீஷியனையும் கூட அனுப்பச் சொல்லுங்கள், டிரைவர் கையில் டின்னைக் கொடுக்கவேண்டாம். அதிகம் விழுந்தால் செட்டாகவே மறுநாள் ஆகிவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள், ரயில்வே கேட் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி வண்டியை விடுவார்கள்.